"மொத வரி தப்பு" என்றார் பெரியவர்: நேரந்தவறாமை ஈரடிப் போட்டி அனுபவங்கள்

செந்தூல்வாசி

பத்திரிகையின் ஈரடிக் கவிதைப் போட்டி உங்களுக்குத் தெரிந்ததுதான். ஞாயிறு பதிப்பு, தலைப்பு நேரந்தவறாமை, இரண்டே வரி, முடிவில் சுருக்கென்று ஒரு திருப்பம். நான் அனுப்பியது இது:

நேரத்தில் தாத்தா மரஞ்சீவிப் பால்கொணர்ந்தார்
நேரத்தை ரப்பராக்கி னேன்.

பிரசுரமானது. ஆனால் இரண்டாம் வரியை "நான் நேரத்தை ரப்பராக்கினேன்" என்று மாற்றிப் போட்டிருந்தார்கள். அந்த வருத்தம் தனி. நான் எழுத வந்தது வேறு விஷயம்.

அன்று காலை பிரிக்ஃபீல்ட்ஸில் தோசைக் கடை. பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் அதே பக்கத்தில் விரலை வைத்து வாசித்துக்கொண்டிருந்தார். விரல் என் கவிதைக்கு வந்ததும் நின்றது. நான் தோசையைப் பிய்க்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். சிரிக்கவில்லை. பொறுக்க முடியாமல், "ஐயா, அது நான் எழுதினது" என்று சொல்லிவிட்டேன். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரெண்டாவது வரி சரி தம்பி. மொத வரி தப்பு" என்றார். என்ன தப்பு என்று கேட்பதற்குள் அவர் கட்டச் சொன்ன தேநீர் வந்துவிட்டது. பையை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்று வாரம் அதே நேரத்துக்கு அதே கடைக்குப் போனேன், ஆளைக் காணோம்.

முதல் வரியில் என்ன தப்பு?

பத்துமலை ரவி

தப்பு உங்கள் கணக்கில். குறள் என்றால் ஏழு சொல். உங்களுடையதை எண்ணிப் பார்த்தேன், ஆறுதான். பள்ளியில் நான் மனப்பாடப் போட்டிக்குப் போனவன், பரிசும் வாங்கியிருக்கிறேன், அதனால் சொல்கிறேன். இன்னொன்று, தாமதமாக வருவதை 'ரப்பர் டைம்' என்பதே நம் தோட்டத்தில் பிறந்த பேச்சு. அதை விளக்காமல் விட்டுவிட்டீர்கள். தமிழ்நாட்டிலிருந்து ஒருவர் படித்தால் அழிப்பான் என்றுதான் நினைப்பார்.

வெண்பாக்கிறுக்கன்

ரவி, ஏழு என்பது சரி, சொல் என்பது சரியில்லை. ஏழு சீர். முதல் அடியில் நான்கு, அடுத்ததில் மூன்று. "ரப்பராக்கினேன்" நம் வாய்க்கு ஒரே சொல். வெண்பாவில் அது 'ரப்பராக்கி', 'னேன்' என்று இரண்டு சீராக உடைந்து நிற்கிறது, கடைசிச் சீர் ஓரசையாக முடிய வேண்டும் என்பதால். பத்திரிகை அலுவலகத்திலும் உங்களைப் போல் ஒருவர் சொல்லை எண்ணியிருப்பார் என்று நினைக்கிறேன். ஆறுதான் வந்திருக்கும். ஒரு 'நான்' சேர்த்து ஏழாக்கிவிட்டார்.

அந்த 'நான்' செய்த கெடுதலைப் பாருங்கள். தமிழில் வினைச்சொல்லின் வால்தான் ஆளைக் காட்டும். "நேரத்தை ரப்பராக்கி" என்பது வரை வாசிப்பவருக்கு யார் அந்த ஆள் என்று தெரியாது. முதலாளியாக இருக்கலாம், அரசாங்கமாக இருக்கலாம், பேரப்பிள்ளைகளாக இருக்கலாம். 'னேன்' வந்த பிறகுதான் எழுதியவன் தன் கையைத் தானே தூக்குகிறான். வரியின் தொடக்கத்திலேயே 'நான்' வந்துவிட்டால், திருடன் பெயரைச் சொல்லிவிட்டுக் கதையை ஆரம்பித்த மாதிரி. எதுகையும் போயிற்று. நேரத்தில், நேரத்தை என்று இரண்டு வரிக்கும் தலை ஒன்றாக இருந்து, ஒரு வேற்றுமை உருபு மட்டும் மாறுகிறது. 'இல்' இருந்த இடத்தில் 'ஐ' வந்து உட்கார்ந்ததும் தாத்தாவின் ஒழுங்கு பேரனின் சோம்பலாகிவிடுகிறது. நகைச்சுவை அங்கேதான் இருக்கிறது, அதைத்தான் மறைத்துவிட்டார்கள்.

'ரப்பர் டைம்' நம் தோட்டச் சொல் என்பதற்கு ஆதாரம் கேட்டால் ரவி மாட்டிக்கொள்வார். இந்தோனேசியாவிலும் 'ஜாம் காரேட்' என்பார்கள், அதுவும் ரப்பர் நேரம்தான். இழுத்தால் நீளும், அதனால் அந்தப் பெயர். தோட்டம் தேவையில்லை.

சரி, கேள்விக்கு வருகிறேன். யாப்பில் முதல் வரி சுத்தம். "தாத்தா" தேமா, அடுத்து "மரஞ்சீவி" நிரையில் தொடங்குகிறது. மா முன் நிரை வர வேண்டும், வந்திருக்கிறது. (தோட்டத்திலும் மாவுக்கு முன் நெரைதானே, மரத்துக்குப் போகுமுன் மேற்பார்க்கும் தண்டல் ஆளுக்கொரு மரவரிசையாக நெரை பிரித்துக் கொடுக்க வேண்டும்.) பெரியவர் யாப்பைச் சொல்லியிருக்க மாட்டார்.

செந்தூல்வாசி

என் முதல் வரைவு "நேரத்தில் தாத்தா ரப்பர்மரம் சீவினார்". தளை தட்டுகிறது என்று ஒரு நண்பர் சொன்னதால்தான் மாற்றினேன்.

வெண்பாக்கிறுக்கன்

தட்டத்தான் செய்யும், "ரப்" நேரசை. ஆனால் தளை இடித்ததை விடப் பெரிய சிக்கல் வேறு. 'ரப்பர்' என்ற சொல்லை முதல் வரியிலேயே செலவழித்துவிட்டால் இரண்டாம் வரிக்கு என்ன மிச்சம்? இப்போது முதல் வரியில் மரமும் பாலும் மட்டும் இருக்கின்றன. ரப்பர் என்ற பெயர் வாசகன் மனதுக்குள் இருக்கிறது, தாளில் இல்லை. தளை தட்டியது உங்கள் அதிர்ஷ்டம்.

செலாயாங் மாமா

நேரந்தவறாமை பற்றிக் கேட்டீர்கள். என் மகள் கல்யாண விருந்து, அழைப்பிதழில் இரவு மணி 7.00. ஏழு மணிக்கு மண்டபத்தில் நான், வீடியோக்காரர், 'ஹலோ, ஹலோ, ஒன் டூ' என்று ஒலிவாங்கியைத் தட்டிக்கொண்டிருந்த பாட்டுக்காரர், மூன்றே பேர். 8.45க்குத்தான் கூட்டம்.

பிள்ளைகளுக்குக் கல்யாணம் வைத்திருப்பவர்கள் கவனிக்கவும். அழைப்பிதழில் ஒரே மணியைப் போடாதீர்கள். தொடங்கும் மணி ஒன்று, உணவு பரிமாறும் மணி ஒன்று, முடியும் மணி ஒன்று, மூன்றும் போடுங்கள். முடியும் மணிதான் ஆளைக் கிளப்பும். சாப்பாட்டுக்காரரிடம் முதல் சுற்றைப் பாதி மேசைக்கு மட்டும் எடுக்கச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆறிப்போன பிரியாணியைப் பற்றி வருஷக்கணக்கில் பேசுவார்கள். நெருங்கிய சொந்தத்துக்குப் போன் போட்டு அரை மணி முந்தைய நேரத்தைச் சொல்லுங்கள். பிரமுகர் வருவார் என்று மேடையைக் காலியாக வைத்துக் காத்திருக்காதீர்கள். அவர் எப்படியும் ஒன்பதரைக்குத்தான் வருவார். கேக் வெட்டுவதை...

(மிச்சம் பிறகு, பேத்தி அழுகிறாள்.)

பட்டர்வொர்த் அக்கா

மாமா, கேட்டது கல்யாணம் இல்லை, கவிதை. பேத்தியைப் பாருங்கள்.

இதே போட்டிக்கு நானும் எழுதினேன். பினாங்குத் தீவில் வேலை, தினமும் பாலத்தில்தான் என் பாதி வாழ்க்கை. பதிமூன்றரை கிலோமீட்டர் பாலம், காலையில் அது நடைபாலம் மாதிரி நகரும். எழுதியது:

கையிலே நான் கட்டியதும் ஜாம்,
சாலையிலே என்னைக் கட்டிப்போட்டதும் ஜாம்.

மலாயில் ஜாம் கடிகாரம், நமக்கு ஜாம் நெரிசல். வீட்டில் காட்டினேன், எல்லாரும் சிரித்தார்கள். அப்புறம் கோயில் மண்டபத்தில் ஒரு நிகழ்ச்சி, ஒலிவாங்கியில் சொல்லச் சொன்னார்கள். சொன்னேன். ஒரு சத்தமும் இல்லை. முன் வரிசையில் ஒரு பாட்டி பக்கத்தில் இருந்தவரிடம் "என்ன கட்டினாளாம்?" என்று கேட்டது மேடை வரைக்கும் கேட்டது. இன்றைக்கும் பாலத்தில் நிற்கும்போது அந்தக் குரல் காதில் விழுகிறது. வாயால் சொல்லும்போது கடிகாரம் 'ஜம்' என்றும் நெரிசல் 'ஜேம்' என்றும் வந்துவிட்டன. எழுத்தில் ஒட்டிய இரண்டும் வாயில் பிரிந்துபோயின. உங்களுடையது காதிலும் நிற்கும், அதனால் கவலைப்படாதீர்கள்.

தப்பு எது என்றா கேட்கிறீர்கள்? தாத்தா. எங்கள் பக்கம் மரம் வெட்டியதில் பெண்கள் எத்தனை பேர்! இடுப்பில் குழந்தை, தலையில் விளக்கு. எல்லாப் பேரன்களும் தாத்தாவைத்தான் எழுதுகிறீர்கள். 'பாட்டி' என்று போட்டால் உங்கள் யாப்புக்கு என்ன குறை?

வெண்பாக்கிறுக்கன்

ஒரு குறையும் இல்லை அக்கா. பாட்டியும் தேமாதான். "கொணர்ந்தார்" இருவருக்கும் பொருந்தும்.

ராவாங் மணி

அக்காவே வாய் தவறாமல் 'வெட்டியதில்' என்று எழுதியிருக்கிறார், கவனித்தீர்களா? அதுதான் தப்பு. என் அப்பா முப்பது வருஷம் பால்மரத்துக்காரர். 'மரஞ்சீவி' என்று புத்தகத்தில் வரும். எங்கள் லயத்தில் "மரம் வெட்டப் போறேன்" என்றுதான் பேச்சு. "மரம்வெட்டி" என்று போட்டாலும் யாப்பு கெடாது என்றுதான் எனக்குப் படுகிறது, கிறுக்கன் சொல்லட்டும்.

ஆனால் எனக்கு வேறு ஒரு சந்தேகமும் இருக்கிறது. நேரத்தில் என்பது எதோடு சேர்கிறது? பால் கொணர்ந்ததோடு சேர்ந்தால் அங்கே நேரம் யார் கையிலும் இல்லை. கோடு வெட்டி விட்டால் பால் கோப்பையில் சொட்டுச் சொட்டாக விழும். அது நிற்கும் வரைக்கும் காத்திருந்துதான் எடுக்க வேண்டும், அவசரப்படுத்த முடியாது. நேரம் பார்த்தது விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு. வெயில் ஏறினால் பால் சீக்கிரம் நின்றுவிடும், அதனால் இருட்டிலேயே மரத்தடிக்குப் போக வேண்டும். அப்பா ஒரே ஒரு நாள் பெரட்டுக்குப் பிந்தினார். அவர் நெரையைத் தண்டல் வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். அப்பா வாளியோடு திரும்பி வந்து வாசலில் உட்கார்ந்தார். அம்மா ஒன்றும் கேட்கவில்லை. எனக்கு ஏழு வயது. அந்த வாளி காலியாக இருந்ததுதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. அன்றைக்குச் சம்பளம் கிடையாது. அது நேரந்தவறாமை இல்லை ஐயா, பயம்.

வெண்பாக்கிறுக்கன்

"மரம்வெட்டி"யும் நிற்கும். ஆனால் தோட்டம் தெரியாதவர் தாத்தா மரத்தையே சாய்த்துவிட்டார் என்று வாசிப்பார். நான் "சீவி"யை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ராவாங் மணி

தெரியாதவருக்காகத் தெரிந்தவர் வாயை மாற்றுவதா? அந்தப் பெரியவர் தெரிந்தவர். அதனால்தான் சிரிக்கவில்லை.

பத்துமலை ரவி

ஏழு சீர் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அழிப்பான் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

செந்தூல்வாசி

நேற்று அம்மாவிடம் கேட்டேன். இதை முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். மரம் வெட்டியது பாட்டியாம். தாத்தா ஸ்டோரில் இருந்திருக்கிறார். வந்த பாலை வடிகட்டி, தொட்டியில் ஊற்றி, மருந்து கலந்து உறைய வைத்து, மெஷினில் தகடாக்கிப் புகைக்கு அனுப்பும் வேலை. அதாவது எங்கள் குடும்பத்தில் உண்மையாகவே ரப்பராக்கியது தாத்தாதான். "பாட்டி பிந்தினா அவரு சத்தம் போடுவாரு, பாலு வாளியிலேயே கட்டிப்போயிடும்னு" என்றார் அம்மா.

இப்போது 'பாட்டி' என்று மாற்றினால் முதல் வரி சரியாகிறது. ஆனால் இரண்டாம் வரியில் நிற்க வேண்டியவர் தாத்தா. அவரை 'னேன்' என்ற ஓரசைக்குள் எப்படிக் கொண்டுவருவது, கிறுக்கன்?

செலாயாங் மாமா

பேத்தி தூங்கிவிட்டாள். கேக் வெட்டுவதை 8.00 மணிக்கு மேல் தள்ளாதீர்கள்.