சுழிக்குப் பதில் வெறுமை: இதற்கு என்ன சொல்?

கண்ணன்: வணக்கம். விரிதாள் கையேட்டில் ஓர் இடத்தில் சொல் தட்டுகிறது. XLOOKUP தேடிப் பிடித்த கலம் காலியாக இருந்தால் எக்செல் 0 காட்டுகிறது. அங்கே ஒன்றும் தெரியாமல் செய்யும் உத்திக்கு 'சுழிநீக்கம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். சரிதானா?

ரஹீம்: இதற்கெதற்குத் தனிச்சொல்? XLOOKUP-இன் நான்காவது இடத்தில் "" கொடுத்தால் வேலை முடிந்தது.

மீனாட்சி: அது, தேடிய எண்ணே பட்டியலில் இல்லாதபோதுதான், ரஹீம். இங்கே வரிசை கிடைத்துவிட்டது, அதிலுள்ள மதிப்பெண் கலம்தான் காலி.

கண்ணன், 'சுழிநீக்கம்' எனக்கு ஒப்பவில்லை. ஐந்து மாணவர்கள்: 72, 0, காலி, 60, 48. 0 வாங்கியவர் தேர்வு எழுதியவர், காலி, வராதவர். காலியும் 0 ஆகிவிட்டால் சராசரி 36, அதை விட்டுவிட்டால் 45. எழுதியவரின் 0 அப்படியே இருக்க வேண்டும். 0;;;@ என்ற எண் வடிவம் இரண்டு 0-வையும் கண்ணுக்கு மறைத்துவிடும்; சராசரியோ 36-இலேயே நிற்கும். அதை வேண்டுமானால் 'சுழிமறைப்பு' எனலாம். நமக்கு வேண்டியது இது:

```
=LET(x, XLOOKUP(A2,Marks!A:A,Marks!C:C), IF(x="","",x))
```

ரஹீம்: சரி. நான் கடைசியில் &"" ஒட்டிவிடுவேன், இவ்வளவு நீளம் வேண்டாம்.

மீனாட்சி: பெயர், ஊர் என்றால் ஒட்டுங்கள். மதிப்பெண்ணில் ஒட்டினால் 72-உம் எழுத்தாகிவிடும். எண்கள் கலத்தின் இடப்பக்கம் ஒதுங்கி நிற்பதைப் பார்த்தாலே தெரியும். SUM போட்டால் 0 வரும்.

கண்ணன்: அப்படியானால் 'வெறுமை பேணல்'?

துஷ்யந்தி: யாழ்ப்பாணத்தில் நாங்கள் பூச்சியம் என்போம், அதனால் சுழியை விட்டது நல்லதுதான். ஆனால் வெறுமை எங்கே பேணப்படுகிறது? கடை இருப்புத் தாளில் இதே சூத்திரத்தைப் போட்டேன். பக்கத்தில் இருந்த =B2+C2 உடனே #VALUE! என்றது. SUM(B2:C2) என்று மாற்றிய பிறகுதான் அடங்கியது.

மீனாட்சி: அதேதான். கலத்தில் இருப்பது நீளமில்லாத ஓர் எழுத்துச் சரம். ISBLANK அதற்கு FALSE சொல்லும், COUNTA அதையும் எண்ணிவிடும். COUNTBLANK மட்டும் காலி என்றே கணக்கில் எடுக்கும், வேடிக்கை! நிரலாளர்களிடம் 'வெற்றுச்சரம்' ஏற்கெனவே புழங்குகிறது. ஆக, 'வெற்றுச்சரமாக்கம்'.

ரஹீம்: ஆசிரியர்களுக்கான கையேடு அம்மா இது! சரம் என்றால் அவர்களுக்குப் பூச்சரம்தான். 'வெற்றுக்காட்டல்' போதாதா?

துஷ்யந்தி: காட்டல் என்றால் திரும்பவும் மறைப்பு மாதிரி ஆகிவிடும்.

கண்ணன்: எண் வடிவத்துக்குச் 'சுழிமறைப்பு' என்று எடுத்துக்கொள்கிறேன். சூத்திரத்துக்கு இப்போதைக்கு 'வெற்றுச்சரமாக்கம்' என்று போட்டு, பக்கத்தில் கேள்விக்குறி வைத்திருக்கிறேன். இதைவிடச் சின்னச் சொல் யாருக்காவது தோன்றினால் அச்சுக்குப் போகும் முன் எழுதுங்கள்.