லேசர் அச்சில் அம்மம்மாவின் முகம் கறுத்துவிடுகிறது: என்ன செய்யலாம்?

வடமராட்சி வாசகி
அம்மம்மாவின் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் தயாரிக்கிறேன். ஏ5 அளவு, 32 பக்கம், 150 பிரதி. வண்ண அச்சுக்குப் பணம் போதாது. அச்சகத்தில் இருப்பது 600 டிபிஐ கறுப்பு வெள்ளை லேசர்.

முதல் பக்கப் படம் கைபேசியில் எடுத்தது. வெள்ளைச் சுவருக்கு முன்னால் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். அரக்குச் சேலை, பொன்னிறக் கரை, நரைத்த தலை. திரையில் நெற்றிச் சுருக்கம்வரை தெரிகிறது. அச்சில் முகம் ஒரே கறுப்பு, தலைமுடி சுவரோடு கலந்துவிட்டது. வேர்டில் Brightness 40 கூட்டிப் பார்த்தேன்: சுவரும் முடியும் இன்னும் வெளுத்தன, முகம் சாம்பல் பூசியது போல் ஆனது. இன்னும் எட்டு நாட்களே இருக்கின்றன.

சிவன்கோவிலடி
டோனர் தீரும் நிலையில் இருக்கும். எங்கள் திருவிழா அழைப்பிதழ் நடுவில் கோடு கோடாக வந்தபோது பெட்டியைக் கழற்றிக் குலுக்கிப் போட்டோம், சரியாகிவிட்டது.

வடமராட்சி வாசகி
கோடு எதுவும் விழவில்லை, ஐயா. எழுத்தெல்லாம் நல்ல கறுப்பாகவே வருகிறது.

புள்ளிக்கணக்கு
லேசருக்குச் சாம்பல் நிறம் கிடையாது. டோனர் விழும் அல்லது விழாது, அவ்வளவுதான். ஆகவே அந்த முடிவை அச்சுப்பொறியிடம் விடாதீர்கள். கிம்ப் மென்பொருளில் படத்தை 600 டிபிஐக்கு மாற்றி, வெறும் கறுப்பும் வெள்ளையுமான 1 பிட்டாக்கி, Floyd-Steinberg தெரிவு செய்து அனுப்புங்கள். ஒவ்வொரு புள்ளியும் உங்கள் கையில் இருக்கும்.

இருட்டறை
முதல் பாதி சரி, தம்பி. இரண்டாம் பாதியை இங்க்ஜெட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். Floyd-Steinberg தனித்தனிப் புள்ளிகளைத் தூவும். 600 டிபிஐ லேசரில் ஒற்றைப் புள்ளி ஓரிடத்தில் பிடிக்கும், அடுத்த இடத்தில் காணாமல் போகும், நெருங்கிய இடத்தில் பக்கத்துப் புள்ளியோடு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் அச்சுப்பொறி தானாகச் செய்யும்போது புள்ளிகளைக் கொத்தாகச் சேர்க்கிறது. இன்னொன்று: 1 பிட் படத்தை யாராவது "பக்கத்திற்குப் பொருத்து" என்று 97 விழுக்காட்டில் அச்சிட்டால் முகம் முழுவதும் கட்டம் விழும். சாம்பல் படமாகவே அனுப்பட்டும்.

தங்கைக்கு: படத்தைத் தொடுவதற்கு முன் இயந்திரத்தைக் கேளுங்கள். வெள்ளை முதல் கறுப்பு வரை 0, 10, 20 என்று 100 விழுக்காடு வரை பதினொரு பெட்டிகள் வரைந்து, மலர் அச்சாகப்போகும் அதே பொறியில், அதே தாளில் எடுத்து வாருங்கள். Toner Save அணைந்திருக்கிறதா என்றும் பாருங்கள். எந்தப் பெட்டிக்கு மேல் வித்தியாசம் தெரியவில்லை என்று சொன்னால் மீதியைச் சொல்கிறேன்.

வடமராட்சி வாசகி
எடுத்துவிட்டேன். 80, 90, 100 மூன்றும் ஒரே கறுப்பு. 50 என்று வரைந்த பெட்டி 70 போலத் தெரிகிறது. 10 மெலிதாக, மணல் தூவியது போல இருக்கிறது.

இருட்டறை
உங்கள் சிக்கல் இதிலேயே இருக்கிறது. சூட்டில் உருகும்போது டோனர் புள்ளி சற்றுப் பருக்கும். அதனால் நடுச்சாயல்கள் எல்லாம் இருண்டு, 80க்கு மேல் இடைவெளிகள் அடைபட்டுவிடுகின்றன. கைபேசிப் படத்தில் முகம் ஏறத்தாழ 70 விழுக்காட்டுக் கறுப்பில் இருக்கும். அது அச்சில் அடைபடும் எல்லைக்கே போய்விடுகிறது. Brightness எல்லாவற்றையும் ஒரே அளவு தள்ளுவதால் வெள்ளைப் பகுதி கெட்டது. நீங்கள் தூக்க வேண்டியது நடுவை.

கிம்பில் இந்த வரிசையில் செய்யுங்கள். முதலில் படத்தை மார்பளவுக்கு வெட்டுங்கள். இந்த வகைப் பொறி ஓர் அங்குலத்தில் சுமார் 85 வரிசைப் புள்ளிக்கொத்துகள் வைப்பதாகக் கொண்டால், ஒரு சென்டிமீட்டர் அகல முகத்திற்கு 33 கொத்துகள்தான். கண் ஒன்றுக்கு ஆறோ ஏழோ. அதில் எந்தச் சுருக்கம் தெரியும்? முகம் மூன்று சென்டிமீட்டராக வந்தால் நூறு கொத்து கிடைக்கும். வேறு எந்த வித்தையும் இதற்கு ஈடாகாது.

பிறகு Mono Mixer. பழுப்புத் தோல் சிவப்பில் வெளிச்சமாக இருக்கும்; ஆனால் சிவப்பை மட்டும் எடுத்தால் அரக்குச் சேலையும் வெளுத்து, பொன் கரை அதில் மறைந்துவிடும். சிவப்பு 0.6, பச்சை 0.4, நீலம் 0 என்று தொடங்குங்கள். கைபேசிப் படத்தின் இரைச்சல் பெரும்பாலும் நீலத்தில்தான், அது வேண்டாம்.

அடுத்து Levels. நடு முள்ளை 1.00 இலிருந்து 1.35 ஆக்குங்கள். கீழே Output Levels 0, 255 என்றிருப்பதை 45, 250 ஆக்குங்கள். 45 என்பது ஏறக்குறைய 82 விழுக்காட்டுக் கறுப்பு. கண்மணியும் சேலை மடிப்பின் ஆழமும் முழுக் கறுப்பாகட்டும், முகத்தின் நிழல் மட்டும் அதற்குள் விழக்கூடாது. திரையில் படம் வெளிறி, உயிரற்றுத் தெரியும். பயப்பட வேண்டாம்.

கடைசியாக, 10 சென்டிமீட்டர் அகலத்திற்கு 800 பிக்சலாகக் குறைத்து, அதன் பிறகே Unsharp Mask: Radius 1, Amount 1. பெரிய படத்தில் கூர்மையாக்கிவிட்டுக் குறைத்தால் செய்த வேலை கரைந்துவிடும்.

புள்ளிக்கணக்கு
800 பிக்சலா? 600 டிபிஐ பொறிக்கு 2,400 அல்லவா வேண்டும்?

இருட்டறை
எழுத்துக்கு வேண்டும். படத்தில் ஒரு கொத்துக்கு ஏழுக்கு ஏழு புள்ளிகள் செலவாகின்றன. வெறும் வெள்ளையையும் சேர்த்து அதிலிருந்து கிடைப்பது 50 சாயல். கொத்துக்கு இரண்டு, இரண்டரை பிக்சலுக்கு மேல் கொடுத்தால் பொறி சராசரி எடுத்து எறிந்துவிடும். கோப்பு பெரிதாவதுதான் மிச்சம்.

சிவன்கோவிலடி
அப்படியானால் என்னுடைய சந்தேகமும் ஒன்று. பழைய மலரில் அச்சான படத்தை ஸ்கேன் செய்து போட்டால் சேலைத்துணி போலக் கட்டம் கட்டமாக வருகிறது. அதற்கும் இதே வழியா?

இருட்டறை
இல்லை. அதில் ஏற்கெனவே புள்ளி இருக்கிறது. பழைய புள்ளியும் புதிய புள்ளியும் மோதுகின்றன. 600இல் ஸ்கேன் செய்து, புள்ளி மறையும் அளவுக்கு Gaussian Blur கொடுத்து, அதன் பிறகு சிறிதாக்குங்கள். இதே காரணத்தால் தங்கையும் ஒரு பிரதி அச்சிட்டு 149ஐ ஜெராக்ஸ் எடுக்க விடக்கூடாது. எல்லாம் கோப்பிலிருந்தே வரட்டும்.

வடமராட்சி வாசகி
Mixer போட்ட பின் கன்னத்தில் 75 காட்டியது, Levels முடிந்ததும் 128. இன்று மதியம் ஒரு தாள் எடுத்தோம். நெற்றிச் சுருக்கம், மூக்குத்தி, பொன் கரை எல்லாம் வந்துவிட்டன. அம்மா தாளைக் கையில் வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

முடி மட்டும் இன்னும் சுவரோடுதான் இருக்கிறது. அச்சகத்து அண்ணா பின்னணியை வெட்டி முழு வெள்ளையாக்கச் சொல்கிறார்.

இருட்டறை
வெள்ளை முடிக்கு வெள்ளைப் பின்னணியா? நேர்மாறாகச் செய்யுங்கள். சுவரை மட்டும் தெரிவு செய்து 25 விழுக்காட்டுச் சாம்பலாக்குங்கள். 10 வேண்டாம், அது மணலாக வருவதை நீங்களே பார்த்தீர்கள்.

புள்ளிக்கணக்கு
அவ்வளவு பெரிய பரப்பில் ஒரே சாம்பல் போட்டால் லேசரில் பட்டை பட்டையாகத் தெரியும். தலையைச் சுற்றி மட்டும் இருட்டாக்கி ஓரத்திற்குப் போகப்போக வெளுக்க விடலாம்.

இருட்டறை
பட்டை தெரியும் என்பது உண்மை. ஆனால் 50 சாயலுக்குள் மெல்ல வெளுக்க விட்டால் அது படிப்படியாகத் தெரியலாம். நானாக இருந்தால் அந்தச் சுவரின் கறையையும் நிழலையும் அழிக்காமல் அப்படியே இருட்டாக்குவேன். ஒழுங்கற்ற பரப்பில் பட்டை அவ்வளவாகக் கண்ணில் படாது.

வடமராட்சி வாசகி
இரண்டு விதமாகவும் நாளை ஒவ்வொரு தாள் எடுத்துப் பார்க்கிறேன். சுவரில் கறை நிறைய இருக்கிறது, மழைக்காலத்து வீடு.