மெட்டா டிஸ்கிரிப்ஷனை எடுத்தேன். இடம் மாறலை, கிளிக் மட்டும் பாதியாச்சு

தெற்குமாசி சுங்குடி
எல்லாருக்கும் வணக்கம். அப்பாவுக்கு மதுரை தெற்கு மாசி வீதிப் பக்கம் சின்ன சுங்குடிச் சேலைக் கடை. வெப்சைட்டை நான் பார்த்துக்கிறேன், வேர்ட்பிரஸ்தான். போன மாசம் புது தீம் போட்டப்ப, கூகுள் தேடல்ல தலைப்புக்குக் கீழே காட்ட நாம எழுதிவைக்கிற மெட்டா டிஸ்கிரிப்ஷனுக்கும் ரேங்கிங்குக்கும் சம்பந்தம் இல்லைன்னு ஒரு வீடியோவில் கேட்டேன். சரி, வீண் வேலைதானேன்னு சேலைப் பக்கத்துல இருந்ததை அழிச்சுட்டேன்.

இப்ப சர்ச் கன்சோல் பார்த்தா வயித்தைக் கலக்குது. அழிக்கிறதுக்கு முந்தின 28 நாள்ல அந்தப் பக்கம் 2,400 தடவை தேடலில் வந்திருக்கு, கிளிக் 96, சராசரி இடம் 4.6. அழிச்சதுக்கு அப்புறம் 28 நாள்ல 2,450 தடவை, கிளிக் 49, இடம் 4.5. அதாவது 4 சதவீதம் 2 ஆயிருச்சு. ரேங்க் விழலையே, அப்புறம் எப்படி? தீம்ல ஏதும் கோளாறா?

கீவேர்டு கண்ணன்
தம்பி, அந்த வீடியோவை நம்பினதுதான் தப்பு. டிஸ்கிரிப்ஷன்ல சுங்குடி, மதுரை சுங்குடி, காட்டன் சேலைன்னு நாலஞ்சு தடவை வர்ற மாதிரி எழுதிப் போடுங்க. ரேங்க் ஏறும், கிளிக் தானா வரும். நான் அப்படித்தான் செய்யறேன்.

மேலூர் நோட்ஸ்
எனக்கும் இதே பிரச்சினை! பத்தாம் வகுப்பு நோட்ஸ் போடறேன். டிஸ்கிரிப்ஷனை மாத்தி ஒரு வாரம் ஆச்சு, வாட்ஸ்அப்ல லிங்க் அனுப்பினா இன்னும் பழைய வரிதான் வருது. யாராவது சொல்லுங்களேன்.

புதூர் அக்கா
மேலூர் தம்பி, உங்க விஷயம் வேற. லிங்க் அனுப்பறப்ப காட்டறதுக்குன்னு `og:description`-னு தனி டேக் இருக்கு, வாட்ஸ்அப் முதல்ல அதைத்தான் பார்க்கும். அதுல பழசு கிடக்கான்னு பாருங்க, தனி இழை போட்டா பேசலாம்.

கண்ணன் சார், டிஸ்கிரிப்ஷனை ரேங்கிங்குக்கு எடுத்துக்கறதில்லைன்னு கூகுள் 2009 செப்டம்பர்லயே சொல்லிருச்சு. வீடியோ சொன்னது சரி. அதுலேருந்து "அப்ப வேண்டாம்"னு எடுத்த முடிவுதான் தப்பு. கடை இருக்கிற வீதி ரேங்கிங்னா, வாசல் போர்டு டிஸ்கிரிப்ஷன். போர்டைக் கழட்டினா கடை இடம் மாறாது, ஆனா கடந்து போறவங்க உள்ள வரமாட்டாங்க.

சுங்குடித் தம்பி, ஒரு வேலை செய்யுங்க. சர்ச் கன்சோல்ல அந்தப் பக்கத்தை மட்டும் வடிகட்டி, எந்தச் சொல்லுக்கு அதிகமா வருதுன்னு பாருங்க. அதை இன்காக்னிட்டோவில் அப்படியே தேடி, உங்க தலைப்புக்குக் கீழே என்ன வருதுன்னு எழுத்துக்கு எழுத்து இங்க போடுங்க. `site:` போட்டுத் தேட வேண்டாம். தேடற சொல்லைப் பொறுத்து கூகுள் காட்டற வரி மாறும், அதனால அங்க தெரியறது ஜனங்க பார்க்கறது இல்லை. மேல விளம்பரமோ படவரிசையோ புதுசா வந்திருக்கான்னும் பாருங்க. இடம் அதேயா இருந்தும் கிளிக் குறைய அதுவும் ஒரு காரணம்.

தெற்குமாசி சுங்குடி
பார்த்தேன்க்கா. படவரிசை முன்னாடியும் இருந்துச்சு. அதிகம் வர்றது `madurai sungudi saree`, அடுத்து `மதுரை சுங்குடி சேலை`. தமிழ்ல தேடினா என் தலைப்புக்குக் கீழே இதுதான் வருது:

"உங்கள் கூடை காலியாக உள்ளது. முகப்பு · சேலைகள் · எங்களைப் பற்றி. ரூ.1,500-க்கு மேல் டெலிவரி இலவசம்…"

எனக்கே வெட்கமா இருக்கு.

புதூர் அக்கா
அதேதான். டிஸ்கிரிப்ஷன் இல்லைன்னா கூகுள் பக்கத்துலேருந்தே ஒரு துண்டை வெட்டிக் காட்டும். உங்க சேலைப் பக்கத்துல படமும் விலையும்தானே இருக்கு, தமிழ்ல வாக்கியம்னு ஒண்ணும் இல்லை. கிடைச்ச எழுத்து அந்தக் கூடையும் மெனுவும்தான். "கூடை காலி"ன்னு பார்த்துட்டு யார் உள்ள வருவாங்க?

ஒரு கேள்வி. கடைக்கு வர்றவங்க முதல்ல என்ன கேப்பாங்க?

தெற்குமாசி சுங்குடி
"இது கைமுடிச்சா, அச்சா?" அடுத்தது விலை. அப்புறம், சாயம் போகுமா.

புதூர் அக்கா
அப்ப அதுக்குப் பதில்தான் உங்க டிஸ்கிரிப்ஷன். இந்த மாதிரி:

```html
<meta name="description" content="மதுரை சுங்குடி சேலை, Madurai sungudi saree: கைமுடிச்சு, அச்சு இரண்டும் தனித்தனியாக. அச்சு ரூ.650 முதல். தெற்கு மாசி வீதிக் கடை.">
```

விலை உங்க உண்மை விலையா இருக்கட்டும். பொய் விலையால வர்ற கிளிக் உடனே திரும்பிப் போயிரும். முக்கியமானதை முன்னாடி வைங்க. நீளத்தை கூகுள் எழுத்தெண்ணி வெட்டறதில்லை, அகலத்தை வச்சு வெட்டுது. தமிழ் எழுத்து அகலம் ஜாஸ்தி, அதனால இங்கிலீஷுக்குச் சொல்ற 155 எழுத்துக் கணக்கை நம்பாதீங்க. போன்ல இன்னும் சீக்கிரம் வெட்டிரும்.

ஜனங்க இங்கிலீஷ் எழுத்துலயும் தேடறாங்க, அதான் ரெண்டு எழுத்துலயும் பேர் வச்சேன். தேடின சொல் அந்த வரியில தடித்துத் தெரியும், கண் அங்க நிக்கும்.

கூடை வரியை கூகுள் மறுபடி எடுக்காம இருக்க:

```html
<div data-nosnippet>உங்கள் கூடை காலியாக உள்ளது</div>
```

டெலிவரி வரியையும் இதே மாதிரி ஒரு உறைக்குள்ள வைங்க. இவ்வளவு செஞ்சாலும் நீங்க எழுதினதைத்தான் காட்டும்னு உத்தரவாதம் இல்லை. பக்கத்துல வேற வரி பொருத்தமா இருக்குன்னு நினைச்சா அதை எடுத்துக்கும்.

கீவேர்டு கண்ணன்
சரிம்மா, ஒத்துக்கறேன். ஆனா கிளிக் கூடினா ரேங்க் ஏறும்ல? அப்ப சுத்தி வளைச்சு ரேங்கிங்குக்கும் உதவுதே.

புதூர் அக்கா
அதை ஒரேயடியா இல்லைன்னு சொல்லமாட்டேன். 2023-ல அமெரிக்காவில் கூகுள் மேல நடந்த வழக்குல, கிளிக் விவரத்தைப் பயன்படுத்தற Navboost-னு ஒண்ணு இருக்குன்னு கூகுள்காரரே சாட்சி சொன்னார். ஆனா ஒரு சின்னக் கடையோட டிஸ்கிரிப்ஷனை மாத்தினா இடம் நகருமான்னு அதை வச்சு சொல்ல முடியாது. தம்பிக்கே கிளிக் பாதியாகியும் ஒரு மாசமா இடம் நகரலை பாருங்க.

தெற்குமாசி சுங்குடி (5 வாரம் கழித்து)
அக்கா சொன்னபடி மாத்திட்டு, URL Inspection-ல போய் மறுபடி இண்டெக்ஸ் பண்ணச் சொல்லி கேட்டேன். நாலு நாள்ல தமிழ்த் தேடலுக்கு என் வரி வந்துருச்சு. கடைசி 28 நாள்ல 2,300 தடவை, கிளிக் 78, இடம் 4.7. 3.4 சதவீதம் வருது. பழைய 4-க்கு இன்னும் போகலை.

புதூர் அக்கா
நல்லது. ஆனா மொத்தமும் டிஸ்கிரிப்ஷனாலதான்னு எழுதி வச்சுக்காதீங்க. நடுவுல ஆடித் தள்ளுபடி வந்துச்சு, வாங்கற எண்ணத்தோட தேடறவங்க கூடியிருப்பாங்க. ஆடி முடிஞ்சு இன்னொரு 28 நாள் பாருங்க, ஒவ்வொரு சொல்லையும் தனித்தனியா.

தெற்குமாசி சுங்குடி
தனித்தனியா பார்த்தப்பதான் ஒண்ணு கவனிச்சேன். `madurai sungudi saree`-க்கு இன்னும் என் வரி வரலை. பக்கத்தோட அடியில இங்கிலீஷ்ல நான் எழுதியிருந்த "முதல் தடவை உப்புத் தண்ணியில தனியா அலசுங்க"ங்கற குறிப்பை எடுத்துக் காட்டுது. ஆனா அந்தச் சொல்லுக்குத்தான் கிளிக் நல்லா கூடியிருக்கு. சாயம் போகுமான்னு பயந்தவங்க அதைப் பார்த்து வர்றாங்களோ என்னவோ. அதையும் `data-nosnippet`-க்குள்ள போடவா, விட்டுடவா?

மேலூர் நோட்ஸ்
தொடாதீங்கண்ணே! (எனக்கு வாட்ஸ்அப் சரியாயிருச்சு, அக்காவுக்கு நன்றி.)