பிரிண்டில் நாலரை இஞ்சு சுவர் மட்டும் முழுக் கறுப்பாக வருகிறது, உதவி தேவை

புதுக்கோடு: அவசரம், நாளைக் காலை சைட்டுக்குப் பிரிண்ட் போக வேண்டும். ஆட்டோகேட் ஸ்கிரீனில் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. பிரிண்ட் எடுத்தால் ஒன்பது இஞ்சு சுவர் ரெட்டைக் கோடாக வருகிறது, நாலரை இஞ்சு சுவர் ஒரே கறுப்புப் பட்டையாகிவிடுகிறது. டாய்லெட் டைல்ஸ் ஹேட்சும் அப்பிக்கொள்கிறது. இது கான்கிரீட் சுவரா என்று மேஸ்திரி கேட்கிறார். சுவர் லேயருக்கு லைன்வெயிட் 0.50 மிமீ கொடுத்திருக்கிறேன்.

மதுரை_டிராஃப்ட்ஸ்மேன்: எந்தத் தாள்? என்ன ஸ்கேல்? மாடலிலிருந்தா, லேஅவுட்டிலிருந்தா? இதைச் சொல்லாமல் யாரும் எதுவும் சொல்ல முடியாது தம்பி.

பேனா35: CTB தப்பு. `monochrome.ctb` போடுங்கள், சரியாகிவிடும்.

மூத்தவர்: இங்கே வருகிற பாதிக் கேள்வி இதுதான். படிக்கும்போதே லைன்வெயிட் என்றால் என்னவென்று கற்றிருந்தால் இந்த இழையே வந்திருக்காது. பொருளுக்குப் பொருள் கையால் தடிமன் மாற்றியிருப்பீர்கள். `SETBYLAYER` கொடுங்கள்.

புதுக்கோடு: `monochrome.ctb` ஏற்கெனவே இருக்கிறது. `SETBYLAYER` கொடுத்தும் அப்படியே. மாடலில் ஏ1 பார்டரை 100 மடங்காக்கி அதற்குள் எல்லாத் தளமும் வைத்திருக்கிறேன், ஸ்கேல் 1:100. கடையில் ஏ3தான் இருக்கிறது, அதனால் Fit to paper.

கோவை_அக்கா: என் டிராயிங்கில் தூண் எல்லாமே பிரிண்டில் காணாமல் போனது. அது Defpoints லேயரில் இருந்தது, அந்த லேயர் பிரிண்டே ஆகாது. அதையும் பாருங்கள்.

மதுரை_டிராஃப்ட்ஸ்மேன்: அக்கா, இவருக்கு ஒன்றும் காணாமல் போகவில்லை, அதிகமாகத்தான் வருகிறது. தம்பி, பிரிண்டில் ஸ்கேலை வைத்து 3 மீட்டர் அறையை அளந்து பாருங்கள். 1:100 என்றால் 30 மிமீ இருக்க வேண்டும்.

புதுக்கோடு: 15 மிமீதான் வருகிறது.

மதுரை_டிராஃப்ட்ஸ்மேன்: அப்போது கையில் இருப்பது 1:200. ஏ1ஐ ஏ3க்குள் அடக்கினால் நீளம் பாதியாகும், கோட்டுத் தடிமன் பாதியாகாது. நாலரை இஞ்சு என்பது 115 மிமீ. 1:100இல் இரண்டு கோட்டுக்கும் நடுவே 1.15 மிமீ தூரம், அதில் 0.50 கோட்டுக்குப் போனாலும் வெள்ளை தெரியும். 1:200இல் தூரம் 0.575தான், 0.50 போனால் மீதி முடி அளவுகூட இல்லை. ஒன்பது இஞ்சு சுவர் தப்பித்ததும் இதனால்தான். பிளாட் விண்டோவில் Scale lineweights என்று ஒரு டிக் உண்டு, அது தடிமனையும் பாதியாக்கும். ஆனால் மாடலிலிருந்து எடுத்தால் அது மங்கிக் கிடக்கும். இன்னொன்று, டைட்டில் பிளாக்கில் 1:100 என்று எழுதி 1:200 தாள் கொடுத்தால், சைட்டில் ஸ்கேல் வைத்து அளக்கிறவர் தப்பாகத்தான் அளப்பார். அந்தப் பிரிண்ட்டைத் திரும்ப வாங்கிவிடுங்கள்.

பேனா35: அதற்குத்தான் நான் லேயர் பெயரையே தின், மீடியம், திக் என்று வைப்பது. பேனாவை மாற்றினால் முழு செட்டும் மாறும்.

மூத்தவர்: அது கையால் வரைந்த காலத்துப் பழக்கம். லேயர் பெயர் பொருளைச் சொல்ல வேண்டும்: `A-WALL`, `A-DOOR`, `A-FURN`. எலக்ட்ரிகல் ஷீட்டில் கட்டில், சோபாவை அந்த வியூபோர்ட்டில் மட்டும் ஃப்ரீஸ் செய்ய வேண்டுமே, 'தின்' லேயரை ஃப்ரீஸ் செய்தால் ஜன்னலும் சேர்ந்து போகும்.

பேனா35: எங்கள் ஆபீஸில் பல வருடமாக இப்படித்தான் ஓடுகிறது. வீட்டு பிளானுக்கு இது போதும்.

மூத்தவர்: ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கு அனுப்பும்போது தெரியும்.

கோவை_அக்கா: கடையில் ஏ3தான் என்றால் ஏ1 எதற்கு? வீடு எவ்வளவு பெரியது?

புதுக்கோடு: 30க்கு 50 அடி.

மதுரை_டிராஃப்ட்ஸ்மேன்: அக்கா சரியான இடத்தைப் பிடித்தார். 50 அடி 1:50இல் சுமார் 305 மிமீ, 30 அடி 183 மிமீ. ஏ3 என்பது 420க்கு 297. ஒரு தளம் தாராளமாக உட்காரும், டைமென்ஷனுக்கும் இடம் மிஞ்சும். மாடல் அப்படியே இருக்கட்டும், பார்டரை மட்டும் எடுத்துவிடுங்கள். தளத்துக்கு ஒரு ஏ3 லேஅவுட், வியூபோர்ட் 1:50, அதை லாக் செய்யுங்கள், பிளாட் 1:1. Fit பக்கமே போக வேண்டாம். சுவர் 0.50, கதவு ஜன்னல் 0.25, டைமென்ஷன், ஹேட்ச் 0.18 என்று லேயரிலேயே வைத்தால் எல்லா ஷீட்டிலும் ஒரே மாதிரி வரும்.

பேனா35: அடி கணக்கில் வரைகிறவர்கள் 1/8" = 1' போட்டால் அது 1:96, 1:100 இல்லை. அதையும் கவனிக்க வேண்டும்.

புதுக்கோடு: தரைத்தளம் எடுத்துவிட்டேன், சுவர் தெளிவாக வருகிறது. ஹேட்ச் மட்டும் இன்னும் தடியாக இருக்கிறது. நன்றி சார், நன்றி அக்கா, கடைக்குக் கிளம்புகிறேன்.

மதுரை_டிராஃப்ட்ஸ்மேன்: அந்த ஹேட்ச் எந்த லேயரில் இருக்கிறது? சுவர் லேயரில் இருந்தால் அதுவும் 0.50இல்தான் வரும்.

கோவை_அக்கா: ஆள் போய்விட்டார் போல.