மங்கிய டைப் கடிதத்தை உரையாடல் செயலி உண்மையில் படிக்கிறதா, ஊகிக்கிறதா?

ரங்கூன் டைப்பிஸ்ட்

அன்பர்களுக்கு வணக்கம். எனக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மொகல் தெருவில் ஒரு செட்டியார் கிட்டங்கியில் டைப்பிஸ்டாகச் சேர்ந்து, பிறகு வேறு அலுவலகங்களில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவன். 1964-இல் கிட்டங்கியை மூடிவிட்டு மேலாள் இந்தியாவுக்குக் கப்பலேறியபோது எனக்கு ஒரு நற்சான்றுக் கடிதம் கொடுத்தார். ஆங்கிலத்தில் நானே டைப் அடித்தேன், அவர் கையெழுத்திட்டார். அடியில் அவருடைய ஊர் விலாசமும், எனக்குத் தீர்த்துக் கொடுத்த சம்பளப் பாக்கியும் இருந்தன.

பெருமைக்காக அதைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டியது என் தவறு. ஊதா ரிப்பன். ஜன்னல் வெளிச்சத்தில் கீழ்ப்பாதி ஏறக்குறைய வெள்ளையாகிவிட்டது.

பேரன் தன் கைப்பேசியில் உள்ள உரையாடல் செயலியிடம் படத்தைக் கொடுத்தான். மேல்பாதியை அது தவறில்லாமல் படித்தது. நான் அடித்த கடிதம் ஆகையால் வரிக்கு வரி சரிபார்த்தேன். ஊர்ப் பெயருக்கு வந்ததும் ‘காரைக்குடி’ என்றது. என் நினைவில் தேவகோட்டை. “தேவகோட்டையாக இருக்குமோ?” என்று பேரன் கேட்டான். உடனே, “ஆம், தேவகோட்டை என்று தெளிவாகத் தெரிகிறது” என்று பதில் வந்தது. தெளிவாகத் தெரிந்தால் முதலில் ஏன் காரைக்குடி என்றது? எதை நம்புவது? சோதித்துப் பார்க்க ஏதேனும் முறை உண்டா?

ஸ்கேன் கடைக்காரர்

ஐயா, படம் சரியில்லை, அதுதான் காரணம். ஸ்கேன் செய்யும் செயலி ஒன்றில் ‘கறுப்பு வெள்ளை’ என்று இருக்கும். அதில் போட்டுக் கொடுங்கள். எழுத்துகள் பளிச்சென்று வரும். எங்கள் கடையில் பழைய பத்திரங்களுக்கெல்லாம் அப்படித்தான் செய்கிறோம்.

தட்டோன் தாத்தா

சம்பளப் பாக்கி கேட்டு இனி யாரிடம் போவீர்கள்? 1964 மே மாதத்தில் ஐம்பது, நூறு கியாத் நோட்டுகளே செல்லாது என்று அறிவித்துவிட்டார்கள். என் தகப்பனார் தகரப் பெட்டியில் வைத்திருந்த கட்டு அப்படியே போயிற்று. விட்டுவிடுங்கள், அண்ணே.

ரங்கூன் டைப்பிஸ்ட்

தாத்தா, பணம் கேட்கப் போகவில்லை. பாக்கியை அவர் அன்றே எண்ணிக் கொடுத்துவிட்டார். அவர் எந்த ஊருக்குத் திரும்பினார் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான்.

கடைக்காரத் தம்பி, கறுப்பு வெள்ளையில் போட்டுப் பார்த்தேன். மேல்பாதி அழகாக வந்தது. கீழ்ப்பாதியில் இருந்த கொஞ்சநஞ்சமும் காணாமல் போயிற்று.

ஆவணப் பித்தன்

கடைக்காரர் சொன்னது கறுப்பு மையில் அடித்த பத்திரத்துக்குப் பொருந்தும். கறுப்பு ரிப்பனில் பெரும்பாலும் கரி இருக்கும், அது வெளிச்சத்தில் எளிதில் மங்காது. ஊதா என்பது சாயம், வெளிச்சம் அதைத் தின்றுவிடும். மங்கிய சாயத்தை அந்த முறையில் போட்டால், காகிதத்தைவிடக் கொஞ்சமே இருண்ட இடங்களை எல்லாம் அது ‘வெள்ளை’ என்று தள்ளிவிடும். உங்கள் வரிகள் அங்கேதான் போயின.

ஊதா நிறம் பச்சை ஒளியை விழுங்குவது. ஆகவே படத்தின் பச்சைப் பகுதியை மட்டும் பிரித்துப் பார்த்தால் மீதமிருக்கும் மை சற்றே இருண்டு நிற்கும். கணினியில் `ImageMagick` இருந்தால் ஒரே வரி போதும்:

```
magick kaditham.jpg -channel G -separate pachai.png
```

அடுத்தது அளவு. முழுப் பக்கத்தையும் கொடுத்தால் இந்தச் செயலிகள் உள்ளே படத்தைச் சுருக்கிவிடுவது வழக்கம். 13 அங்குலப் பக்கம் 1500 புள்ளியாகச் சுருங்கியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அங்குலத்துக்கு 115 புள்ளிதான், ஓர் எழுத்துக்குப் பதினொன்று பன்னிரண்டு. மங்கிய எழுத்துக்கு அது போதாது. விலாசப் பகுதியை மட்டும் மூன்று அங்குல அகலத்துக்கு வெட்டிக் கொடுத்தால் அதே எழுத்துக்கு ஐம்பது புள்ளி கிடைக்கும். செய்தி அனுப்பும் செயலி வழியாகப் படத்தை அனுப்பினால் அதுவும் நசுக்கும், கோப்பாக அனுப்பச் சொல்லுங்கள்.

காரைக்குடி எங்கிருந்து வந்தது என்றால், ரங்கூன், செட்டியார், ராமநாதபுரம் ஜில்லா என்ற சொற்களை அது நன்றாகப் படித்துவிட்டது. அந்தச் சூழலில் எந்த ஊர் அதிகம் எழுதப்பட்டிருக்குமோ அதைக் காலி இடத்தில் நிரப்பியிருக்கிறது. நாமும் அப்படித்தான் மங்கிய எழுத்தைப் படிக்கிறோம். ஆனால் நமக்கு ‘இது என் ஊகம்’ என்று தெரியும், அது இரண்டையும் ஒரே குரலில் சொல்லும். பேரனின் கேள்வியில் விடை இருந்ததால் அந்த விடையையே திருப்பிக் கொடுத்தது. ஒவ்வொரு முறையும் புதிய உரையாடல் தொடங்குங்கள், ஊர் பெயர் எதையும் சொல்லாதீர்கள், தெரியாத எழுத்துக்குக் கேள்விக்குறி போடச் சொல்லுங்கள். மூன்று முறை கேட்டு மூன்று விடை வந்தால் அது படிக்கவில்லை என்று பொருள்.

கையெழுத்தையும் உங்கள் பெயரையும் ஒரு தாளால் மறைத்துவிட்டே படம் எடுங்கள்.

மோல்மேன் பேத்தி

எனக்கும் இதே பிரச்சினை. என் பாட்டியின் வெளிநாட்டவர் பதிவுச் சான்றிதழில் பர்மிய மொழியில் கையால் எழுதிய வரிகள் உள்ளன. செயலி படித்துக் கொடுத்ததை எங்கள் பக்கத்து வீட்டு ஆசிரியை பார்த்துவிட்டு, பாதி வரிகள் அந்தத் தாளிலேயே இல்லை என்கிறார். பச்சையைப் பிரித்தால் சரியாகுமா?

ஆவணப் பித்தன்

ஆகாது, அம்மா. உங்கள் சிக்கல் மையில் இல்லை, கையெழுத்தில் இருக்கிறது. அந்த ஆசிரியையையே படிக்கச் சொல்வது மேல்.

ரங்கூன் டைப்பிஸ்ட்

புதிய உரையாடலில் மூன்று முறை கேட்டோம். காரைக்குடி, காரைக்குடி, அரியக்குடி. கேள்விக்குறி ஒன்றுகூட இல்லை, கேட்டும் போடவில்லை.

ஆனால் இரவில் படுத்திருந்தபோது வேறொன்று தோன்றியது. இதை நான் முதலிலேயே நினைத்திருக்க வேண்டும், நாற்பது வருடம் விசைகளைத் தட்டியவன். டைப் மெஷினில் `i` ஆனாலும் `m` ஆனாலும் ஒரே அகலம்தான். என் பழைய மெஷினில் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. ஆகவே மேல்வரியும் கீழ்வரியும் ஒரே ஓரத்தில் தொடங்கினால், எழுத்துகள் படை வரிசைபோல ஒன்றின் மேல் ஒன்று நிற்கும். எழுத்து அழிந்தாலும் கட்டம் அழியாது.

ஊர்ப் பெயருக்கு அடுத்த வரி `Ramnad District`. அது படிக்க முடிகிறது. ஊர்ப் பெயருக்குப் பின் ஒரு காற்புள்ளி உண்டு. காற்புள்ளியும் முற்றுப்புள்ளியும் சிறிய முனை ஆகையால் காகிதத்தை ஆழமாகக் குத்தும், சில சமயம் ஓட்டையே விழும். தாளைத் திருப்பி விரலால் தடவினேன். அந்தக் குத்து அகப்பட்டது. நேர் கீழே `s` நிற்கிறது.

```
Devakottai,
Karaikudi,
Ramnad District
```

தேவகோட்டை பத்து எழுத்து. அப்படி இருந்தால் காற்புள்ளி `t`-க்கு மேல் விழுந்திருக்கும். ஆகவே என் நினைவு தவறு. அறுபது வருடமாக தேவகோட்டை என்று சொல்லிக்கொண்டிருந்தேன், வீட்டில் கேட்டால் சிரிப்பார்கள். காரைக்குடிக்கு ஒன்பது எழுத்து. செயலி சொன்னதே சரியோ?

ஆவணப் பித்தன்

ஐயா, இந்த ஒரு யோசனைக்காகவே உங்களைக் கும்பிடலாம். ஆனால் அவசரப்படாதீர்கள். ஒன்பது எழுத்து என்பது தேவகோட்டையை விலக்குகிறது, காரைக்குடியை நிரூபிக்கவில்லை. அரியக்குடிக்கும் ஒன்பது, பள்ளத்தூருக்கும் ஒன்பது. நடுவில் தாளைக் கழற்றி மறுபடி செருகியிருந்தால் கட்டமே தள்ளிப்போயிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

அடுத்து, விசை அடித்த பள்ளத்தைப் பாருங்கள். இது கார்பன் நகல் இல்லை, ரிப்பனில் அடித்த மூலம். மை போனாலும் தடம் இருக்கும். அறையை இருட்டாக்கி, ஒரு டார்ச்சை மேஜையோடு மேஜையாகப் படுக்கவைத்துப் பக்கவாட்டில் அடியுங்கள். இடமிருந்து அடித்தால் நெட்டுக்கோடுகள் நிழல் காட்டும், தாளின் மேல் ஓரத்திலிருந்து அடித்தால் குறுக்குக்கோடுகள். இரண்டு திசையிலும் படம் வேண்டும். எந்தக் கட்டத்தில் உயரமான கோடு நிற்கிறது என்பதை மட்டும் நீங்களே முதலில் எழுதி வையுங்கள். செயலியிடம் அதன் பிறகு போகலாம்.

ஸ்கேன் கடைக்காரர்

டார்ச்சு என்றால் மின்வெட்டு நேரம் வசதி. மெழுகுவத்தியை மட்டும் கிட்டே கொண்டுபோகாதீர்கள், ஐயா.

ரங்கூன் டைப்பிஸ்ட்

நேற்றிரவு எங்கள் வட்டாரத்தில் மின்சாரம் போயிருந்தது, இருட்டுக்குக் குறைவில்லை. பேரன் டார்ச்சைப் பிடித்தான், நான் பூதக்கண்ணாடியை வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். வெறும் காகிதம் என்று நினைத்த இடத்தில் உழுத வயல்போல வரிகள் எழுந்து நின்றன.

எழுதி வைத்தது இது: முதல் கட்டத்தில் இடப்பக்கம் நெட்டுக்கோடு. மூன்றிலும் நான்கிலும் அருகருகே இரண்டு உயரக்கோடு. எட்டாவதில் உயரம் இல்லை. கோட்டுக்குக் கீழே இறங்கும் வால் எங்கும் இல்லை.

```
123456789
Karaikudi
Ariyakudi
Pallathur
```

காரைக்குடியில் உயரக்கோடு ஆறிலும் எட்டிலும் வர வேண்டும், மூன்றிலும் நான்கிலும் இல்லை. அரியக்குடிக்கு நான்காவதில் `y`-யின் வால் வேண்டும். மூன்றும் நான்கும் `ll`. பள்ளத்தூர்! பார்த்தவுடன் அவர் “பள்ளத்தூர்க்காரன் வாக்கு மாறமாட்டான்” என்று சொல்லும் குரல் காதில் கேட்டது. இத்தனை வருடம் எங்கே போயிருந்தது அந்தக் குரல் என்று தெரியவில்லை.

பிறகு டார்ச்சுப் படத்தை வெட்டி, புதிய உரையாடலில், எதுவும் சொல்லாமல் கொடுத்தோம். இரண்டு முறை `Pallathur`, ஒரு முறை `Pallattur`. ஆக, நல்ல படம் கொடுத்தால் படிக்கத்தான் செய்கிறது.

ஆவணப் பித்தன்

நல்லது. இப்போது சம்பளப் பாக்கி?

ரங்கூன் டைப்பிஸ்ட்

அங்கேதான் மாட்டிக்கொண்டேன். நூற்றுச் சொச்சம் கியாத். முதல் இலக்கம் ஒன்று, அது உறுதி. என் மெஷினில் 1 விசையே கிடையாது, சின்ன `l` அடிப்போம், அந்த நெட்டுக்கோடு நன்றாகத் தெரிகிறது. கடைசி இலக்கம் 5. நடு இலக்கத்தை டார்ச்சுப் படத்திலும் செயலி ஒரு முறை 2 என்கிறது, ஒரு முறை 3, ஒரு முறை 8. கட்டம் எண்ணுவது இங்கே உதவாது, எல்லா இலக்கமும் ஒரே அகலம். மூன்றுக்கும் தலை வளைவும் ஒன்றே. என் கண்ணுக்கும் அடிப்பாகம் பிடிபடவில்லை, சட்டத்தின் ஈரம் பட்டுக் காகிதம் அந்த இடத்தில் உப்பியிருக்கிறது.

தட்டோன் தாத்தா

185 என்றே வைத்துக்கொள்ளுங்கள், அண்ணே. கூடுதலாக இருக்கட்டும்.

ரங்கூன் டைப்பிஸ்ட்

குமாஸ்தா கணக்கில் அப்படி எழுத முடியாது, தாத்தா. நோட்டுப் புத்தகத்தில் `1?5` என்று எழுதியிருக்கிறேன். கடிதத்தைச் சட்டத்திலிருந்து எடுத்துத் தடித்த உறையில் போட்டு பீரோவில் வைத்தாயிற்று. பள்ளத்தூர்ப் பக்கம் யாரேனும் இருந்தால் சொல்லுங்கள்.