இன்னைக்கு லிஸ்ட்டை வச்சு நேத்தைய மார்க்கெட்டை டெஸ்ட் பண்ணினேன், ரூலை பழைய விலையில ஓட்டிப் பார்க்கற பேக்டெஸ்ட்ல நீங்க பட்டதையும் சொல்லுங்க

மதுரைக்காரன்:
என் ரூல் ரொம்ப சிம்பிள்தாங்க. நிஃப்டி 50ல ஒரு பங்கு 52 வார உச்சத்துல இருந்து 20% இறங்கினா வாங்கணும், 10% லாபம் வந்தா வித்துடணும், இவ்ளோ விழுந்தா நஷ்டத்துல வித்துடணும்ங்கற ஸ்டாப் லாஸ் கிடையாது. 2015ல இருந்து ஓட்டிப் பார்த்தா நூத்துக்கு தொண்ணூறுக்கு மேல ஜெயிச்ச ட்ரேடு. ரெண்டு வாரம் தூக்கமே வரல அவ்ளோ சந்தோஷம். அப்புறம்தான் தெரிஞ்சுது, நான் எடுத்தது இன்னைக்கு இருக்கற 50 பேரோட லிஸ்ட். இறங்கி திரும்பி வராதது எல்லாம் லிஸ்ட்டை விட்டே போயிருச்சு, அப்போ என் டெஸ்ட்ல எப்படி தோல்வி வரும்?

ஷேர்தம்பி:
நிஃப்டி எல்லாம் பெரிய கம்பெனி ப்ரோ, இந்தப் பிரச்சனை ஸ்மால்கேப்லதான் வரும்.

பழைய டீலர்:
ஸ்மால்கேப்ல இன்னும் மோசம்ங்கறது சரி தம்பி, ஆனா நிஃப்டியிலயும் உண்டு. யெஸ் பேங்க் 2015ல உள்ள வந்துச்சு, 2018 ஆகஸ்ட்ல 400 கிட்ட போச்சு. இவர் ரூல்படி செப்டம்பர்ல 320 பக்கம் வாங்கியிருப்பார், விக்கணும்னா 352 வரணும். வரவே இல்ல. செப்டம்பர் 21 அன்னிக்கு ஒரே நாள்ல கால்வாசிக்கு மேல விழுந்துச்சு, 2020 மார்ச்ல நிஃப்டியில இருந்தே எடுத்துட்டாங்க. இன்னொரு பக்கமும் பாருங்க, பஜாஜ் ஃபைனான்ஸ் நிஃப்டிக்குள்ள வந்ததே 2017ல, உங்க டெஸ்ட் அதை 2015லயே வாங்கியிருக்கும், அது நல்லா ஏறினதாலதான் உள்ள வந்துச்சுங்கறது அன்னிக்கு யாருக்குத் தெரியும். ஒவ்வொரு தேதிக்கும் அன்னைக்கு யார் உள்ள இருந்தாங்களோ அந்த லிஸ்ட்டை வச்சு ஓட்டுங்க.

கோவை ராணி:
எனக்கு வேற கதை. 5 நிமிஷ சார்ட்ல இன்ட்ராடே, 1 லட்சத்துக்கு வாங்கி வித்தா சராசரியா 80 ரூபா லாபம்னு காட்டுச்சு. நிஜத்துல போட்டா எஸ்டிடி வரி 25, ப்ரோக்கரேஜ் ரெண்டு பக்கமும் சேர்த்து 40, எக்ஸ்சேஞ்ச் சார்ஜ், ஜிஎஸ்டி, ஸ்டாம்ப் எல்லாம் கூட்டினா 80ஐ தாண்டிருச்சு. இதுல நான் நினைச்ச விலைக்கு ஆர்டர் விழாம போன பைசா வேற. மாசத்துக்கு 200 ட்ரேடு போட்டு லாபம் ஒண்ணும் மிஞ்சல.

ஷேர்தம்பி:
அக்கா 17 நாள் சராசரி விலைக் கோடு, அதான் இஎம்ஏ, போட்டுப் பாருங்க, எனக்கு சூப்பரா வருது.

பழைய டீலர்:
16க்கும் 18க்கும் என்ன வருது?

ஷேர்தம்பி:
ரெண்டுலயும் நஷ்டம்தான், அதனாலதான் 17 எடுத்தேன்.

பழைய டீலர்:
பக்கத்து நம்பர்ல எல்லாம் நஷ்டம்னா அந்த 17 அந்த வருஷங்களுக்கு மட்டும் தற்செயலா பொருந்தியிருக்கு. 2019 வரைக்கும் டேட்டாவை வச்சு நம்பரைத் தேர்ந்தெடு, அதுக்கு அப்புறமானதை ஒரே ஒரு தடவை ஓட்டிப் பாரு. பிடிக்கலன்னு மாத்தி மாத்தி ஓட்டினா அந்த டேட்டாவும் கெட்டுப் போயிரும்.

மதுரைக்காரன்:
ஐயா, பழைய லிஸ்ட்டை வச்சு மறுபடி ஓட்டினேன், லாபம் பாதிக்கும் கீழ வந்துருச்சு. இப்போ ஸ்டாப் லாஸ் சேர்த்தா எத்தனை சதவீதம்னு நானே தேடினா அதுவும் 17 கதைதானே? அதை எப்படி முடிவு பண்றீங்க நீங்க?