15 காட்டியும் 121 பாகை வராத ஓட்டோகிளேவ்: நுவரெலியாவிலிருந்து வந்த ஒரு மானி

பஞ்சிகாவத்தைப் பட்டறை

கொழும்பில் அமுக்கமானிகளைத் திருத்திச் சரிபார்த்துக் கொடுக்கும் பட்டறை ஒன்றில் வேலை செய்கிறேன். நுவரெலியாவில் தாவர இழைய வளர்ப்புச் செய்யும் ஓர் ஆய்வுகூடம், போத்தல்களை நீராவிச் சூட்டில் கிருமிநீக்கும் ஓட்டோகிளேவிலிருந்து கழற்றிய மானி ஒன்றை, "பிழையாகக் காட்டுகிறது, மாற்றித் தரவும்" என்ற குறிப்புடன் அனுப்பியிருந்தது. 15 பிஎஸ்ஐயில் இருபது நிமிடம் வைத்த போத்தல்களிலும் நாலைந்து நாளில் பூஞ்சணம் பிடிக்கிறது என்பது அவர்களுடைய முறைப்பாடு.

நிறைகளை ஏற்றி அமுக்கம் கொடுக்கும் சோதனைக் கருவியில் அதைப் பூட்டி, 5, 10, 15, 20 என்று ஏற்றியும் அதே வரிசையில் இறக்கியும், ஒவ்வொரு முறையும் முகப்பை விரலால் மெதுவாகத் தட்டிவிட்டுப் பார்த்தேன். முள் எல்லா இடத்திலும் கோட்டின் மேலேயே நின்றது. நிறைகளை எடுத்ததும் பூச்சியத்துக்குத் திரும்பியது. மானியில் குற்றமே இல்லை.

குற்றம் எங்கே என்று விளங்க வேண்டுமானால் பின்மூடியைக் கழற்றி உள்ளே பார்க்க வேண்டும். உள்ளே வளைந்து கிடக்கும் குழாய் வட்டக் குழாய் அன்று, நசுக்கினாற்போலத் தட்டையானது. அதன் ஒரு முனை அடிப்பகுதியிலுள்ள பித்தளைக் கட்டையில் ஈயப்பற்று வைத்து இறுக்கப்பட்டிருக்கும். மறுமுனை அடைக்கப்பட்டு, எதிலும் பிடிமானமின்றி அந்தரத்தில் நிற்கும். நீராவியின் அமுக்கம் உள்ளே ஏறும்போது தட்டையான குழாய் சற்று உப்பி வட்டமாகப் பார்க்கிறது. அப்படி உப்பும்போது அதன் வளைவும் கொஞ்சம் நிமிர்கிறது. அடைத்த முனை சில மில்லிமீற்றர்தான் நகரும். அந்தச் சிறு நகர்வை ஓர் இணைப்புத் தண்டு விசிறி வடிவப் பற்சில்லுக்குக் கொடுக்க, அது முள்ளின் அச்சிலுள்ள சின்னப் பற்சில்லைச் சுழற்றுகிறது. மயிரிழை போன்ற சுருள்வில் ஒன்று பற்களுக்கிடையிலான தளர்வை எடுத்துக்கொள்வதால் முள் ஆடாமல் நிற்கிறது.

இதிலே கவனிக்க வேண்டியது, குழாயின் வெளிப்புறமும் சும்மா இருக்கவில்லை என்பதுதான். மானிப் பெட்டிக்குள் இருக்கும் வளி அதை வெளியிலிருந்து அழுத்திக்கொண்டிருக்கிறது. ஆகவே குழாய் நிமிரும் அளவு, உள்ளே இருக்கும் அமுக்கம் சுற்றியுள்ள வளியின் அமுக்கத்தைவிட எவ்வளவு கூட என்பதை மட்டுமே பொறுத்தது. உள்ளே மொத்தம் எவ்வளவு இருக்கிறது என்பது அதற்குத் தெரியாது.

நீராவியின் வெப்பநிலையோ அந்த மொத்த அமுக்கத்தைப் பொறுத்தது. கொழும்பில் வளி ஏறத்தாழ 101 கிலோபஸ்கால் அழுத்துகிறது. மானி காட்டும் 15 பிஎஸ்ஐ ஏறத்தாழ 103. இரண்டும் சேர்ந்த 204இல் நிரம்பிய நீராவி, கிருமிநீக்கத்துக்கு வழக்கமாக வேண்டிய 121 பாகையில் இருக்கும். நுவரெலியா கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருப்பதால் அங்கே வளி அழுத்துவது 81 அளவில்தான். அதே 103ஐ அதன்மேல் கூட்டினால் 184தான் வருகிறது, அதற்குரிய வெப்பநிலை 118ஐக்கூட எட்டாது. 121 வேண்டுமானால் அங்கே முள் 18இல் நிற்க வேண்டும். மானியை மாற்றாமல் இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி அதனுடனேயே திருப்பி அனுப்பினேன். இதுபோன்ற அனுபவம் வேறு யாருக்கும் உண்டா?

வெள்ளவத்தை வேன் சாரதி

ஐயா, நான் மாதத்தில் பல தடவை சுற்றுலாப் பயணிகளை நுவரெலியாவுக்கு ஏற்றிச் செல்கிறவன். கொழும்பில் விடியற்காலையில் ரயருக்கு 30 அடித்துக்கொண்டு புறப்படுவேன். மறுநாள் மேலே ஒரு கராஜில் பார்த்தால் 30தான் இருக்கும், மிஞ்சினால் அரை கூடியிருக்கும். நீங்கள் சொல்வதுபோல மேலே வளி 3 பிஎஸ்ஐ குறைவென்றால் ரயர் 33 அல்லவா காட்ட வேண்டும்? எனக்கு இது விளங்கவில்லை. ரயருக்கும் மேலே வேறு கணக்கு வைத்துக் காற்று அடிக்க வேண்டுமா?

மட்டக்குளி கொதிகலன் இயக்குநர்

சாயப்பட்டறையில் கொதிகலன் பார்க்கிற அனுபவத்தில் சொல்கிறேன். மலைநாட்டுக்குப் போகும் மானியை அங்கேயே திருத்தி அமைப்பதுதான் சரியான முறை. வித்தியாசம் 3 என்று கணக்கு வந்துவிட்டதால், முள்ளைக் கழற்றி 3 பின்னால் தள்ளிப் பூட்டிவிட்டால், ஊழியர்கள் வழக்கம்போல 15ஐப் பார்த்தே வேலை செய்யலாம். எல்லோருக்கும் கணக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருக்க முடியாது.

இன்னொன்றையும் அவர்கள் கவனிக்க வேண்டும். தொடக்கத்தில் வால்வைத் திறந்துவைத்து உள்ளே இருக்கும் வளியை முழுதாக வெளியேற்றாவிட்டால், மானி காட்டும் அமுக்கத்தில் ஒரு பங்கு வளியினுடையதாக இருக்கும். முள் சரியாக நிற்கும், சூடு இருக்காது.

பஞ்சிகாவத்தைப் பட்டறை

சாரதி அண்ணன் பார்த்தது சரியான அவதானிப்பு. மேலே போனதும் வெளி வளியின் அமுக்கம் குறைவதால் மானி 3 கூடக் காட்ட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் கொழும்பில் 32 பாகைச் சூட்டில் அடித்த காற்று நுவரெலியாவின் 15 பாகைக் குளிரில் ஓர் இரவு நிற்கும்போது, உள்ளேயுள்ள மொத்த அமுக்கமும் ஏறத்தாழ 308 கிலோபஸ்காலிலிருந்து 291க்கு இறங்கிவிடுகிறது. அதிலிருந்து 81ஐக் கழித்தால் 210, அதாவது 30ஐவிட அரை அளவுக்குக் கூட. ஒன்று ஏற்றியதை மற்றது இறக்கிவிட்டது. ரயரைத் தாங்கி நிற்பதும் இந்த வித்தியாச அமுக்கமே ஆகையால், உங்களுக்கு வேறு கணக்குத் தேவையில்லை. குளிர்ந்த ரயரில் மானி சொல்வதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கொதிகலன் இயக்குநர் வளியை வெளியேற்றுவது பற்றிச் சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். முள்ளைத் தள்ளிப் பூட்டுவதை மட்டும் தயவுசெய்து யாரும் செய்ய வேண்டாம். அப்படிச் செய்த மானி, உள்ளே இன்னும் 3 பிஎஸ்ஐ நீராவி இருக்கும்போதே பூச்சியத்தைக் காட்டும். பூச்சியத்தைப் பார்த்துத்தான் ஊழியர் மூடியின் திருகுகளைத் தளர்த்துகிறார். முப்பது சென்ரிமீற்றர் விட்டமுள்ள மூடியில் 3 பிஎஸ்ஐ என்றால் அதன் கீழே ஏறத்தாழ 150 கிலோ நிறைக்குச் சமமான தள்ளுகை நிற்கிறது. வெளி வளியோடு சமமாகிவிட்டது என்பதைக் காட்டும் பூச்சியம் கொழும்பிலும் நுவரெலியாவிலும் பூச்சியமாகவே இருக்க வேண்டும். மாற்ற வேண்டியது முகப்பில் எந்த எண்ணில் நிறுத்துகிறோம் என்பதை. 18இல் சிவப்புக் கோடு ஒன்று போட்டால் போதும்.

கொட்டாஞ்சேனை பௌதிகவியல் ஆசிரியை

உயர்தர மாணவருக்கு மானி அமுக்கத்துக்கும் தனி அமுக்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பலகையில் எழுதிக் காட்டினால், ஒன்றைக் கூட்டினால் மற்றது வரும் என்று மனப்பாடம் செய்துவிட்டுப் போய்விடுகிறார்கள். அதனால் நான் ஒரு சோதனை செய்து காட்டுவதுண்டு. 1849இல் பிரான்சின் யூஜின் போடன் காப்புரிமை பெற்ற அதே வளைகுழாய் வகை மானி ஒன்றின் வாயை, எந்த அமுக்கமும் கொடுக்காமல், வகுப்பறை வளியோடு அப்படியே ஒரு முளையால் இறுக்கி அடைத்துவிடுவேன். முள் பூச்சியத்தில் இருக்கும். பின்னர் மானியை முழுமையாகக் கண்ணாடி மணிச்சாடிக்குள் வைத்து, பம்பியால் சாடியின் வளியைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுப்பேன். மானிக்குள் எதுவும் புதிதாகச் செல்லவில்லை, ஆனால் முள் ஏறும். சாடிக்குள் 20 கிலோபஸ்கால் குறைந்ததும் முள் ஏறத்தாழ 3 பிஎஸ்ஐயில் நிற்கும். நுவரெலியாவுக்கு ஏறிய அளவும் அதுவே. வளியை மீண்டும் உள்ளே விட்டதும் இறங்கிவிடும். இதைப் பார்த்த பிறகு, "குழாயின் வெளிப்பக்கமும் அளவீட்டில் சேர்த்தி" என்பதை எந்தப் பிள்ளையும் மறந்ததில்லை.

பின்மூடியில் சிறு துளையுள்ள சாதாரண மானியாக இருக்க வேண்டும் என்பது இதற்கு முக்கியம்.

நுவரெலியா ஆய்வுகூட உதவியாளர்

அந்த மானியை அனுப்பியவர்கள் நாங்கள்தான். ஐயா எழுதிய தாள் கிடைத்ததும் உச்ச வெப்பமானி ஒன்றைப் போத்தல்களின் நடுவே வைத்து, வளியை நன்றாக வெளியேற்றிவிட்டு, 15இல் ஓட்டிப் பார்த்தோம். வெளியே எடுத்தபோது 117க்கும் 118க்கும் இடையில் நின்றது. கணக்கு அப்படியே பொருந்தியதில் எங்களுக்கு வியப்பு.

இப்போது இரண்டு கேள்விகள் இருக்கின்றன. எங்கள் ஓட்டோகிளேவின் தகட்டில் உச்ச அமுக்கம் 20 என்று இருக்கிறது. 18இல் ஓட்டுவதா, அல்லது 15இலேயே வைத்து நேரத்தைக் கூட்டுவதா? அடுத்தது, பழைய மானி திரும்பி வருவதற்குள் அவசரத்துக்குக் கொழும்பிலிருந்து கிளிசரின் நிரப்பிய புதிய மானி ஒன்றை எடுப்பித்துப் பூட்டினோம். அது 15 காட்டும்போது வெப்பமானி 120க்கு அருகில் வருகிறது. அப்படியானால் மலைநாட்டுக்குக் கிளிசரின் மானிதான் சரியானதா?

பஞ்சிகாவத்தைப் பட்டறை

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன், ஏனென்றால் அதில் ஆபத்து இருக்கிறது. கிளிசரின் மானியின் பெட்டி முற்றாக அடைக்கப்பட்டது. கொழும்பின் வளி அதற்குள் அகப்பட்டபடியே மலையேறி வந்திருக்கிறது. அதனால் உங்கள் மானி நுவரெலியா வளியோடு அன்றி, பெட்டிக்குள் இருக்கும் அந்த வளியோடு ஒப்பிட்டே காட்டுகிறது. வெப்பநிலை சரியாக வருவதற்கு அதுவே காரணம். நீங்கள் அறியாமலே 18க்கு அருகில் ஓட்டுகிறீர்கள். ஓட்டோகிளேவின் சூட்டில் பெட்டியே 60 பாகைக்குச் சூடானால் உள்ளே அகப்பட்ட வளியின் அமுக்கமும் ஏறி, வாசிப்பை இன்னும் ஒன்றரை பிஎஸ்ஐ அளவில் குறைத்துவிடும். ஆகவே அந்த வாசிப்பை நம்ப முடியாது. அதோடு, முள் பூச்சியத்துக்குக் கீழே போகப் பார்த்து நிறுத்தாணியில் முட்டிக்கொண்டு நிற்பதால் பார்வைக்குப் பூச்சியம் போலவே இருக்கும். முள்ளைத் தள்ளிப் பூட்டினால் வரும் என்று மேலே சொன்ன அதே ஆபத்து இங்கேயும் இருக்கிறது.

பெட்டியின் உச்சியில் சின்ன இறப்பர் அடைப்பு ஒன்று இருக்கும். சிலவற்றில் அதன் நுனியை வெட்ட வேண்டும், சிலவற்றில் சின்ன நெம்பு ஒன்றைத் திறக்க வேண்டும். மானியை நிமிர்ந்த நிலையில் பூட்டிய பின், ஓட்டோகிளேவ் ஆறி மூடி திறந்திருக்கும்போது அதைச் செய்யுங்கள். முள் நிறுத்தாணியை விட்டு எழுந்து உண்மையான பூச்சியத்துக்கு வரும்.

முதல் கேள்வியில், நான் 18இல் ஓட்டுவதையே விரும்புவேன். பாதுகாப்பு வால்வும் வெளி வளியோடு ஒப்பிட்டே திறப்பதால், தகட்டிலுள்ள 20 அங்கேயும் அதே 20தான்.

மட்டக்குளி கொதிகலன் இயக்குநர்

முள்ளைத் தள்ளும் யோசனையைக் கைவிடுகிறேன். மூடியைப் பற்றிச் சொன்னது நியாயம். ஆனால் 20இல் திறக்கும் வால்வை வைத்துக்கொண்டு 18இல் ஓட்டுவதை நான் ஏற்கமாட்டேன். பழைய வால்வுகள் 18க்கு முன்னரே கசியத் தொடங்கும். கசியும் வால்வின் இருக்கை தேய்ந்துபோகும். 15இல் வைத்து நேரத்தைக் கூட்டுவதுதான் இயந்திரத்துக்கு நல்லது.

நுவரெலியா ஆய்வுகூட உதவியாளர்

நேரத்தைக் கூட்டுவதென்றால், வெப்பநிலை 10 பாகை குறைய நேரம் பத்து மடங்காக வேண்டும் என்ற வழமையான கணக்கின்படி, எங்களுடைய மூன்றரைப் பாகைக் குறைவுக்கு இரண்டு மடங்குக்கும் சற்று அதிகம் வருகிறது. அவ்வளவு நேரம் சூட்டில் இருந்தால் ஊடகத்தின் சீனி நிறம் மாறிவிடுகிறது என்று எங்கள் பொறுப்பாளர் தயங்குகிறார். வால்வைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்புகிறோம். அது எந்த அமுக்கத்தில் கசிகிறது, எதில் திறக்கிறது என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை 15இல் நாற்பத்தைந்து நிமிடம் ஓட்டுகிறோம்.